ஹயலுரோனிக் ஆசிட் சீரம்: மூலக்கூறின் எடையும் முகத்தின் ஈரமும்

முதன்முதலாக ஹயலுரோனிக் ஆசிட் சீரம் வாங்கியபோது, முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றி, நன்றாகக் காய விட்டுத்தான் பூசினேன். சுத்தமான, காய்ந்த தோலில்தானே எதுவும் நன்றாக வேலை செய்யும் என்று ஒரு நினைப்பு. பத்து நிமிடம் கழித்துச் சிரித்தால் கன்னம் இழுத்தது. கஞ்சி போட்டுக் காய வைத்த துணி மாதிரி ஒரு விறைப்பு. ஈரப்பதம் தரும் என்று சொல்லி விற்ற பொருள் முகத்தை ஏன் இப்படி இறுக்குகிறது?

கஞ்சி என்ற அந்த ஒப்புமை தற்செயலாக வாயில் வந்தது. ஆனால் விஷயம் ஏறக்குறைய அதுதான். கஞ்சியில் இருக்கும் மாவுச்சத்தும் ஹயலுரோனிக் ஆசிடும் சர்க்கரை அலகுகள் கோத்த நீண்ட சங்கிலிகள். இரண்டும் தண்ணீரில் ஊறினால் வழவழக்கும், காய்ந்தால் மெல்லிய படலமாக விறைக்கும். பெயரில் ஆசிட் இருப்பதால் தோலை உரிக்கும் ரகம் என்று பயப்பட வேண்டாம். பழ ஆசிட்கள் செய்யும் வேலை எதையும் இது செய்யாது. நம் உடம்பிலேயே இருக்கும் பொருள் இது, அதில் ஏறக்குறைய பாதி தோலில்தான் இருக்கிறது. 1934-ல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் கூழ் போன்ற திரவத்திலிருந்து இதை முதலில் பிரித்தார்கள். கண்ணாடி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரும் வந்தது. இன்று சீரத்துக்குப் போவது பெரும்பாலும் பாக்டீரியாவை வளர்த்து, நொதிக்க வைத்து எடுப்பது.

சங்கிலி எவ்வளவு நீளம்?

மூலக்கூறு எடை என்ற சொல்லைக் கேட்டதும் வேதியியல் வகுப்பு நினைவுக்கு வந்து பக்கத்தை மூடிவிடத் தோன்றும். இங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான்: சங்கிலியின் நீளம். இரண்டு சர்க்கரைகள் சேர்ந்தது ஒரு கண்ணி. மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு டால்டன்; ஒரு கண்ணியின் எடை சுமார் 400 டால்டன், நீளம் சுமார் ஒரு நானோமீட்டர். அதே கண்ணியைத் திரும்பத் திரும்பக் கோத்தால் ஹயலுரோனிக் ஆசிட். 50 கிலோடால்டன் என்றால் 125 கண்ணி. 1,000 கிலோடால்டன், அதாவது 10 லட்சம் டால்டன் என்றால் 2,500 கண்ணி. பொருள் ஒன்றுதான், கயிறுதான் குட்டையும் நெட்டையும்.

நீளம் மாறினால் குணமும் மாறிவிடுகிறது. நீளமான சங்கிலி தண்ணீரில் நேராக நிற்பதில்லை. தளர்வாகச் சுற்றிய நூல் உருண்டை மாதிரி உப்பி, தன்னைவிடப் பல மடங்கு தண்ணீரைத் தன் மடிப்புகளுக்கு நடுவே வைத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட உருண்டைகள் நூற்றுக்கு ஒரு பங்கு இருந்தாலே ஒன்றோடொன்று இடித்துச் சிக்கிக்கொள்ளும், திரவம் ஜெல்லாகிவிடும். குட்டைச் சங்கிலியில் அதே ஒரு சதவீதம் கரைத்தால் ஏறக்குறைய தண்ணீர் போலவே ஓடும். ஆகவே ஒரு சீரம் கொழகொழவென்று இருக்கிறது என்பதை வைத்து அதில் ஹயலுரோனிக் ஆசிட் அதிகம் என்று முடிவு கட்ட முடியாது. நீளச் சங்கிலி இருக்கலாம். அல்லது சாந்தன் கம் போன்ற வேறொரு கெட்டியாக்கி சேர்த்திருக்கலாம்.

இனி தோலுக்கு வருவோம். தோலின் ஆக மேலே இருப்பது ஸ்ட்ராட்டம் கார்னியம் என்ற இறந்த செல்களின் அடுக்கு. முகத்தில் அதன் தடிமன் 10, 20 மைக்ரோமீட்டர் அளவுதான். ஆனால் சுவர் மாதிரி கட்டப்பட்டது: தட்டையான செல்கள் செங்கல், நடுவே கொழுப்புப் பூச்சு. சுமார் 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள பொருட்கள் சாதாரணத் தோலை எளிதில் தாண்டுவதில்லை என்பது தோல் மருத்துவத்தில் பழகிப்போன ஒரு தோராய விதி. ஹயலுரோனிக் ஆசிடின் ஒரே ஒரு கண்ணிக்கே 400 டால்டன் போய்விடுகிறது. 2,500 கண்ணிச் சங்கிலி எங்கே போய் நுழைவது?

பெரியது நுழைவதில்லை என்பதைப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், மனிதத் தோல் மாதிரிகள் மேல் வெவ்வேறு எடையுள்ள ஹயலுரோனிக் ஆசிடைப் பூசி, ராமன் நிறமாலை என்ற ஒளி முறையால் அது எதுவரை போகிறது என்று பார்த்தார்கள். 20 முதல் 300 கிலோடால்டன் வரை உள்ளவை அந்த மேலடுக்கைக் கடந்து போயின. 1,000 முதல் 1,400 வரை உள்ளவை மேலேயே நின்றுவிட்டன. 500 டால்டன் விதியோடு இது இடிக்கிறதே என்று தோன்றினால், தோன்றுவது சரிதான். இது நீரை விரும்பும், வளைந்து நெளியும் சங்கிலி, விதியோ பெரும்பாலும் மருந்துகளையும் ஒவ்வாமைப் பொருட்களையும் பார்த்து எழுந்தது. தவிர, ஆய்வகத்தில் வெட்டி வைத்த தோலில் தெரிவது, தினமும் நாம் பூசும் நாலு துளிக்கு அப்படியே பொருந்தும் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை.

பெரியது வெளியே நின்றால் வீண் என்றும் அர்த்தமில்லை. 2011-ல் 76 பெண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. 50, 130, 300, 800, 2,000 கிலோடால்டன் என ஐந்து எடைகளில், ஒவ்வொன்றும் 0.1 சதவீதம் கலந்த க்ரீமை 60 நாள், தினம் இரண்டு வேளை பூசினார்கள். ஐந்துமே தோலின் ஈரத்தையும் நெகிழ்வையும் கூட்டின. சுருக்கத்தின் ஆழத்தைக் குறைத்ததில் தெளிவாக முந்தியவை 50-ம் 130-ம். அதாவது ஈரம் என்ற அளவில் பெரியதும் தன் வேலையைச் செய்கிறது, மேலே இருந்தபடியே. இங்கே சதவீதத்தையும் கவனியுங்கள்: வெறும் 0.1. பாட்டிலில் 2 சதவீதம் என்று பெரிதாக எழுதியிருந்தால் இருபது மடங்கு பலன் என்று கணக்குப் போடாதீர்கள்.

மிகச் சிறிய துண்டுகள் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. உடம்புக்குள் ஹயலுரோனிக் ஆசிட் துண்டு துண்டாக உடைவது காயம் பட்டதற்கான அறிகுறி, அதனால் சிறு துண்டுகளைக் கண்டால் நோயெதிர்ப்பு மண்டலம் சற்று உஷாராகும். பூசும் சீரம் அப்படித்தான் செய்யும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் சிறியதை மட்டும் அடைத்த சீரம் போட்டபின் உங்கள் முகம் சிவந்தால், ஆழமாக வேலை செய்கிறது என்று தேற்றிக்கொள்ளாமல் நிறுத்திவிடுவது நல்லது.

நாலு துளியின் கணக்கு

தன் எடையைப் போல ஆயிரம் மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்ற வாசகம் இல்லாத சீரம் விளம்பரம் குறைவு. இதை ஒரு முகத்தில் போட்டுப் பார்ப்போம்.

சொட்டுக்குழாயிலிருந்து 20 துளி சேர்ந்தால் ஒரு மில்லி என்று வைத்துக்கொள்வோம். நாலு துளி என்றால் 0.2 மில்லி. சீரத்தில் ஒரு சதவீதம் ஹயலுரோனிக் ஆசிட் இருந்தால் முகத்துக்கு வந்தது 2 மில்லிகிராம், மீதியில் பெரும்பங்கு தண்ணீர். முகத்தின் பரப்பு சுமார் 500 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் 0.2 மில்லியைச் சீராகப் பரப்பினால் தடிமன் 4 மைக்ரோமீட்டர் வரும். தலைமுடி ஒன்றின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறுமா என்று பார்க்க வேண்டிய அளவு. அந்தத் தண்ணீர் காய இரண்டு மூன்று நிமிடம் போதும். காய்ந்தபின் மிஞ்சுவது ஒரு மைக்ரோமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு கனமுள்ள படலம்.

ஆயிரம் மடங்கு நிஜமானால் அந்த 2 மில்லிகிராம் 2 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். சீரம் கொண்டு வந்த தண்ணீரே 0.2 கிராம்தான். மீதி 1.8 கிராமை எங்கிருந்து எடுப்பது? முகத்தில் 2 கிராம் தண்ணீர் நின்றால் தாடையில் சொட்டும். அந்த ஆயிரம் என்ற எண், நீர்த்த கரைசலில் நீளச் சங்கிலி உப்பி எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதிலிருந்து வந்தது. அந்த மடிப்புகளுக்குள் இருக்கும் தண்ணீர் பூட்டி வைத்த தண்ணீர் அல்ல, காற்று பட்டால் அதுவும் ஆவியாகும். கடைசியில் படலத்தில் எவ்வளவு நீர் தங்கும் என்பதை அறையின் ஈரப்பதம் தீர்மானிக்கிறது. ஏசியோ ஹீட்டரோ ஓடும் வறண்ட அறையில் அது தன் எடை அளவு நீரைக்கூட வைத்துக்கொள்ளாது.

இதே கணக்கு இன்னொரு பயத்தையும் கலைக்கிறது. காய்ந்த முகத்தில் பூசினால் ஹயலுரோனிக் ஆசிட் தோலின் உள்ளிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிடும், அதனால்தான் முகம் வறள்கிறது என்று பலரும் சொல்கிறார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நம்பினேன். சரி, எவ்வளவு உறிஞ்சும்? வறண்ட காற்றில் 2 மில்லிகிராம் படலம் தாங்கக்கூடியது ஓரிரு மில்லிகிராம் நீர். நம் முகமோ சீரம் எதுவும் போடாமலேயே ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய அரை கிராம், அதாவது 500 மில்லிகிராம் நீரை சத்தமில்லாமல் காற்றில் விடுகிறது. அந்த 500-க்கு முன்னால் இந்த ஓரிரண்டு ஒரு பொருட்டே அல்ல. தண்ணீரை எடுத்துப் போவது காற்று. சீரத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை என்பது என் கருத்து.

அப்படியானால் அந்த இறுக்கம்? அது கஞ்சி விவகாரம். சங்கிலிகள் சிக்கிய ஜெல் காயும்போது சுருங்குகிறது, சுருங்கும்போது ஒட்டியிருக்கும் மேலடுக்கையும் சேர்த்து இழுக்கிறது. நெற்றியில் தடிப்பாக, கன்னத்தில் மெல்லியதாக என்று பூச்சு திட்டுத்திட்டாக இருந்தால் தடிப்பான இடத்தில் அதிகம் இழுக்கும். இது நீளச் சங்கிலியின் குணம். குட்டையில் இவ்வளவு தெரியாது.

ஈரம் என்ன செய்கிறது

சீரத்திலேயே தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர் இருக்கும்போது முகத்தில் தனியாக எதற்கு ஈரம் என்று ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி. சீரத்தில் இருக்கும் தண்ணீர் மேலே சொன்ன அந்த 0.2 கிராம்தான். முகம் கழுவி, வழிவதை மட்டும் கையால் வழித்துவிட்டு, துண்டு படாமல் விட்டால், மேலும் 0.3 அல்லது 0.4 கிராம் நீர் தோலில் இருக்கும். இப்போது சீரம் போட்டால் மொத்த நீர் இரண்டு மூன்று மடங்காகிறது. ஒரு சதவீதக் கரைசல் முகத்தின் மேலேயே மூன்றில் ஒரு பங்கு சதவீதமாக நீர்த்துப்போகிறது.

இதில்தான் பெரிய லாபம். செறிவு மூன்றில் ஒன்றாகும்போது நீளச் சங்கிலிக் கரைசலின் பிசுபிசுப்பு மூன்றில் ஒன்றாக நிற்பதில்லை, அதைவிடப் பல மடங்கு இறங்குகிறது, ஏனென்றால் உருண்டைகள் ஒன்றையொன்று விட்டு விலகிவிடுகின்றன. ஜெல்லாக இழுபட்டது வழுக்கிக்கொண்டு ஓடும். விரல் அழுத்தாமலே முகம் முழுக்கச் சமமாகப் பரவும். காய்ந்த முகத்தில் அதே நாலு துளி, முதலில் விரல் பட்ட இடத்திலேயே பாதி நின்றுவிடும். நமக்குப் பழக்கம் என்ன? பரவவில்லை என்று இன்னும் இரண்டு துளி எடுப்போம். தடிப்பு கூடும், இழுப்பும் கூடும்.

இன்னொரு லாபம் மேலடுக்கில். தண்ணீர் பட்டதும் அந்த இறந்த செல்களில் உள்ள கெரட்டின் நீரை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பி மிருதுவாகிறது. விட்டுவிட்டால் சில நிமிடங்களில் அந்த நீர் போய்விடும். ஆகவே முகம் கழுவிய அடுத்த ஓரிரு நிமிடம்தான் நம் கையில் இருக்கும் நேரம். மேலடுக்கு நீர் குடித்து நிற்கும்போதே சீரத்தைப் போட்டு, சீரம் காய்வதற்குள் மேலே மாய்ஸ்சரைசரைப் போட்டுவிட வேண்டும். மாய்ஸ்சரைசரில் இருக்கும் எண்ணெய், மெழுகு, பெட்ரோலேட்டம், டைமெத்திகோன் போன்றவைதான் நீர் ஆவியாவதைத் தடுக்கின்றன. ஹயலுரோனிக் ஆசிட் மூடி அல்ல, கொஞ்ச நேரம் நீரைத் தாங்கி நிற்கும் பஞ்சு. மூடி இல்லாத பஞ்சு எத்தனை நேரம் ஈரமாக இருக்கும்? உண்மையைச் சொன்னால், சீரம், ஈரம், க்ரீம் மூன்றில் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் நான் சீரத்தைத்தான் விடுவேன்.

செய்முறையில் நான் மாற்றிக்கொண்டது இவ்வளவுதான். கழுவியபின் முகம் பளபளவென்று ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டச் சொட்டப் பூசினால் பாதி சீரம் கழுத்து வழியாக ஓடிவிடும். மூன்று துளி உள்ளங்கையில், இரு கைகளாலும் முகத்தில் ஒற்றி, தடவி, தொட்டால் இன்னும் வழுக்கும் நிலையிலேயே க்ரீம். கைகடிகாரம் பார்த்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. முன்பு சீரம் முழுக்க உறிஞ்சப்பட வேண்டும் என்று ஐந்து நிமிடம் காத்திருப்பேன். உறிஞ்சப்படுகிறது என்று நான் நினைத்ததில் முக்கால்வாசி ஆவியாகிக்கொண்டிருந்தது.

இந்த ஈரப் பழக்கத்தை ரெட்டினாலுக்கும், தோல் உரிக்கும் ஆசிட்களுக்கும் எடுத்துப் போகாதீர்கள். ஊறிய தோல் அவற்றைக் கூடுதலாக உள்ளே விடலாம், எரிச்சல் வரும். அவற்றுக்குக் காய்ந்த முகமே சரி.

சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை. இரண்டு புறங்கைகளையும் கழுவுங்கள். ஒன்றைத் துடைத்து ஐந்து நிமிடம் காய விடுங்கள், அடுத்ததைப் பூசுவதற்குச் சற்று முன் மறுபடி நனையுங்கள். இரண்டிலும் ஒவ்வொரு துளி சீரம். பத்து நிமிடம் கழித்து முஷ்டியை மடக்கிப் பாருங்கள். காய்ந்த கையில் இழுப்பும், வெளிச்சத்தில் சாய்த்தால் திட்டுத்திட்டான மினுமினுப்பும் தெரிந்தால், உங்கள் சீரத்தில் நீளச் சங்கிலி நிறைய இருக்கிறது, அல்லது படலம் கட்டும் வேறு கெட்டியாக்கி இருக்கிறது. இரண்டு கைக்கும் வித்தியாசமே தெரியாவிட்டால் அது பெரும்பாலும் நீர்த்த, குட்டைச் சங்கிலி ரகம், அல்லது கிளிசரின் தாராளமாகச் சேர்த்தது. கிளிசரின் அந்தப் படலத்தை விறைக்க விடாமல் நெகிழ்வாக வைத்திருக்கும். ஆகவே பொருட்பட்டியலில் கிளிசரின் முன்வரிசையில் இருந்தால் எனக்கு அது நல்ல செய்தி.

சன்ஸ்கிரீன் தேய்க்கும்போது முகத்தில் அழிப்பான் தூள் மாதிரி உருண்டு உருண்டு வருகிறதா? அது செத்த தோல் அல்ல. காய்ந்துபோன ஹயலுரோனிக் ஆசிட் படலம், மேலே தேய்க்கும்போது உரிந்து சுருள்கிறது. துளியைக் குறையுங்கள், ஈரத்தில் பூசுங்கள், சன்ஸ்கிரீனைத் தேய்க்காமல் ஒற்றுங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் அந்த இரண்டு பாட்டிலுக்கும் ஒத்துப்போகவில்லை, சீரத்தை இரவுக்கு மாற்றிவிடுங்கள்.

லேபிளைப் பார்த்து எடையைக் கண்டுபிடிக்கலாமா என்றால், கொஞ்சம்தான். பட்டியலில் ஹைட்ரோலைஸ்டு ஹயலுரோனிக் ஆசிட் என்று இருந்தால் அது துண்டாக்கப்பட்ட குட்டைச் சங்கிலி. சோடியம் ஹயலுரோனேட் என்பது அதே பொருளின் உப்பு வடிவம். அது சிறியது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், ஆனால் அந்தப் பெயர் எடையைச் சொல்வதில்லை, 20-ம் அதுவே, 2,000-ம் அதுவே. பின்னால் கிராஸ்பாலிமர் என்ற சொல் ஒட்டியிருந்தால் சங்கிலிகளைக் குறுக்கே முடிச்சிட்டு வலையாக்கியது, அது மேலேதான் தங்கும். ஐந்து வகை, எட்டு வகை எடை கலந்தது என்று பெட்டியில் போட்டிருப்பதற்கு அதிக விலை கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று யாரும் போடுவதில்லை. ஒரு பெரியதும் ஒரு சிறியதும் இருந்தால், மேலே ஒன்று, சற்று உள்ளே ஒன்று என்று கணக்கு முடிந்துவிடுகிறது.